சைக்கிள் டியூப் சுற்றிய குழாய்

ஒன்பது வீட்டில் பேதி என்றதும் தாராவியின் அந்தச் சந்து பிரம்மநாயகத்தின் இட்லி அண்டாவைத்தான் கைகாட்டியது. அங்கே அவித்து, சந்து முகப்பில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை மாதுங்காவில் விற்பவர் அவர். கனகவள்ளிக்கும் முதல் சந்தேகம் அவர்மேல்தான். மாநகராட்சிக்காக வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கெடுக்கும் ஆரோக்ய சேவிகா அவள். பதினான்கு வருடத்தில், யார் என்ன சொன்னாலும் பாதியை மட்டும் நம்பப் பழகியிருந்தாள்.

“சட்னில பச்சத் தண்ணிதான ஊத்துதிய அண்ணாச்சி?”

“ஆமா, ஊத்துதேன். என் வீட்ல எவனுக்காச்சும் வயிறு போச்சா? அதையும் எழுதிக்கோ. இல்லன்னா நாளைக்கே கார்ப்பரேசன்காரனுவ அண்டாவத் தூக்கிட்டுப் போயிருவானுவ.”

எழுதினாள். எழுதியது உறுத்தியது. ஒன்பதில் ஒன்றான ஷரீஃபுன்னிசா வீட்டில் மூன்று பேருக்குப் பேதி. அவர்கள் வெளிப் பண்டமே தொடாதவர்கள். தினமும் அந்த இட்லியைத் தின்கிற சந்து முகப்புக்காரர்களுக்கோ ஒன்றுமில்லை. படம் வரைந்து பார்த்தாள். ஒன்பது வீடும் சாக்கடைத் திருப்பத்துக்கு அப்பால், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவை. அவள் வீடும் அதே குழாயில்தான்.

காலையில் தண்ணீர் வந்ததும் திருப்பத்தின் இரண்டு பக்கமும் பிடித்துக் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டாள். திருப்பத்துக்கு முன் பிடித்தது மஞ்சளானது; அதில் குளோரின் இருந்தது. பின்னால் பிடித்தது நிறம் மாறவேயில்லை. அதில் கொஞ்சத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் தண்ணீர் விடுவதற்குக் கால் மணி முன்னால் சாக்கடைக் கல்லை நகர்த்தினாள். குழாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்தது. அதன் மூட்டில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அப்போது குழாய்த் தண்ணீரை இழுக்கும் வீட்டு மோட்டார் ஒன்று உறுமியது. மிதந்து கொண்டிருந்த பான்பராக் உறை மெல்ல நகர்ந்து, அந்த மூட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

உறுமியது அவள் வீட்டு மோட்டார். ஓடிப் போய் நிறுத்தினாள்.

“ஏட்டி, ஏன் நிப்பாட்டுத? காத்த இழுத்து விட்டாத்தான தண்ணி சீக்கிரம் ஏறும்!” என்றான் கணவன் இசக்கிராஜ்.

“நீரு காத்தயா இழுக்கீரு? வெறுங் குழாய்ல சாக்கடைய இழுக்கீரு.”

“நாலு வீட்ல போடுதான். நம்ம பேர மட்டும் எழுதிராத. சந்துல தல காட்ட முடியாது.”

தன் வீட்டில் ஏன் யாரும் பேதியில் படுக்கவில்லை என்று அவள் யோசித்ததே இல்லை. அவள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது போதும் என்று இருந்துவிட்டாள்.

அறிக்கையில் எழுதினாள்: காரணமாக இருக்கக்கூடியவை, சாக்கடையில் கிடக்கும் மூட்டும், தண்ணீர் வருமுன் ஓடும் மோட்டார்களும்; பரிசோதனைக் கூடத்தின் முடிவு வரவேண்டும். குழாயைச் சாக்கடைக்கு வெளியே மாற்ற வேண்டும். மோட்டார்களைக் கழற்ற வேண்டும். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைக்கவோ குளோரின் மாத்திரை போடவோ வேண்டும். மோட்டார் உள்ள வீடுகளின் பட்டியலில் முதல் வீட்டு எண் அவளுடையது. இட்லி அண்டா அந்தத் தாளில் எங்கும் இல்லை.

உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் குளோரின் மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஷரீஃபுன்னிசா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். மாத்திரைக்குக் கை நீட்டவில்லை.

“எங்க வீட்ல மூணு பேரு படுத்தோம். உங்க வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. இப்ப மாத்திர கொண்டு வாறீக. இத நீங்க குடிப்பீகளா?”

கனகவள்ளி அந்த வீட்டுக் குடத்தில் அளவு பார்த்து மாத்திரை போட்டு மூடினாள்.

“நான் குடிக்க அரை மணி நேரம் ஆகணும்க்கா.”

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். ஷரீஃபுன்னிசா கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றாள்.