சுவிட்சம்மா

அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் அம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. எல்லாருக்கும் அவள் சுவிட்சம்மா. அந்தப் பட்டத்தைச் சூட்டிய புண்ணியவான் விற்பனை மேனேஜர்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது அது. மேனேஜரின் பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. வயரைச் சொருகினால் நெட் வந்தது, வைஃபை மட்டும் அடம் பிடித்தது. அவள் அணைத்துப் போட்டாள், வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள், மூலையில் இருந்த ரவுட்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கணக்குப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்து, லேப்டாப்பின் முன் விளிம்பில் கடுகளவு இருந்த ஒரு தள்ளு சுவிட்சை நகத்தால் நகர்த்தினாள். விளக்கு நீலமானது, வைஃபை வந்தது. பையிலிருந்து எடுக்கும்போது எங்கோ உரசி அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேனேஜர் அதை அத்தோடு விடவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சுவிட்ச் போடத் தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை எதுக்கு?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாள் காலை வணக்கத்தோடு சுவிட்சம்மா என்ற பெயரும் வந்து சேர்ந்தது. டீ கொண்டு வருபவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் புருஷனிடம் மட்டும் கொட்டித் தீர்த்தாள். விட்டுத் தள்ளு, அந்த ஆள் என்றைக்காவது வேறு இடம் போய்விடுவார் என்றார் அவர். போகிறவனைப் போக விடுவதற்கு முன் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்றாள் அவள். அந்த நாளுக்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

அது ஒரு நாள் மதியம் தானாக வந்தது. மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் போன் செய்தார். மேசையில் இருந்தது ஆபீஸ் லேப்டாப் இல்லை, அவருடைய சொந்த லேப்டாப். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடியோவில் ஒருவரோடு பேச வேண்டும், இதில் உள்ள படங்களைக் காட்டியே ஆக வேண்டும், வைஃபை வரவில்லை, வயர் சொருகவும் இதில் இடமில்லை என்றார். ஆபீஸ் லேப்டாப்பில் பேசலாமே என்று கேட்டாள். வேண்டாம், கொஞ்சம் சொந்த விஷயம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

உட்கார்ந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. விசைப்பலகையின் மேல் வரிசையில், ஆன்டெனா படம் போட்ட விசையில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசை ஓரத்தில் துடைத்த துணி கிடந்தது. துடைக்கும்போது விசை அழுந்தி, வைஃபையைப் பிடிக்கும் ரேடியோவே அணைந்துவிட்டது. ஒரு விரலை வைத்தால் போதும்.

அவள் விரலை வைக்கவில்லை.

முதலில் அணைத்துப் போட்டாள். நேரம் தின்னும் அப்டேட் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தது, அது அவள் அதிர்ஷ்டம். பிறகு டிரைவரை அழித்து ஏற்றினாள். மேனேஜர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டார். ரேடியோ அணைந்திருக்கும்போது லேப்டாப்புக்கு அது எப்படித் தெரியும்? பொறுங்கள் சார், அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்று பதமாகச் சொன்னாள். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. அவள் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

குறித்த நேரம் கடந்தது. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்க் கெஞ்சினார், திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். அப்போதுதான் அவள் கதவை விரியத் திறந்தாள். வெளியே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்த விசையை அழுத்தினாள். ஆரஞ்சு விளக்கு அணைந்தது, வைஃபை வந்தது.

"விசையை அமுக்கத் தெரியாதவங்களுக்கு லேப்டாப் எதுக்கு சார்?" என்றாள்.

கூடம் சிரித்தது. அன்று வீடு போகும்வரை அவள் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை வரவேற்பு மேசைப் பெண் அவளைத் தனியாக இழுத்துப் போனாள். "உங்களுக்குத் தெரியுமாக்கா? மேனேஜர் வேற ஊர்ல பெரிய வேலைக்குப் போறதா இருந்தாராம். நேத்துதான் கடைசி இன்டர்வியூ. படத்தக் காட்ட முடியாம போச்சு, வேற ஆளை எடுத்துட்டாங்களாம். கிளம்பினா அடுத்த மாசமே போயிருப்பாராம்."

சுவிட்சம்மா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். ஒரு விரல். அந்த விரலை நேற்று வைத்திருந்தால், அவளே அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஜென்மத்துக்கும் நிம்மதியாக இருந்திருக்கலாம். தன் கையாலேயே அவரை இங்கே கட்டிப் போட்டுவிட்டாள். அவள்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார். ராத்திரி தூங்காத கண்கள். அவளைப் பார்த்ததும் நின்றார். சிரிக்கவில்லை.

"நான் இங்கதான் இருக்கப் போறேன், சுவிட்சம்மா," என்றார். "ரிட்டயர் ஆகற வரைக்கும்."