ஜாமீன் கையெழுத்து

லீவு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று திருமலைசாமி நினைக்கவேயில்லை. ஷார்ஜாவுக்கு வந்து லேத் மிஷினில் நின்ற இத்தனை வருடத்தில் வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாளும் அவன் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை துபாயில் இந்தியத் தூதரக அலுவலகம் திறக்காது. கம்பெனி டிரைவர் மூலம் கொடுத்துவிட்ட பாஸ்போர்ட் புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும், "ஆளே வரணும், செவ்வாய்க்கிழமை காலை, கையில் பாஸ்போர்ட்டோடு" என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

"லீவுதானே? தந்தாச்சு," என்றார் மேனேஜர் குருவிளா. பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஆனா உங்க பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனிப் பெட்டியிலதானே இருக்கு. அது வெளிய போகணும்னா ஜாமீனுக்கு ஓராள் கையெழுத்துப் போடணும். நீ திருப்பிக் கொண்டு வர்ற வரைக்கும் அந்த ஆளுக்கு ஊர் லீவு கிடையாது. முதலாளி உத்தரவு."

அந்த உத்தரவு எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பு வெல்டர் ஒருவன் தூதரகத்துக்கென்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவன், போனவன்தான். அவனுக்குக் கையெழுத்துப் போட்ட இன்னாசிமுத்து இன்னும் ஊருக்குப் போகவில்லை.

"எங்கிட்டக் கேட்றாதப்பா," என்றார் இன்னாசிமுத்து, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே. "ஒருத்தனுக்குப் போட்டே நாலு கிறிஸ்மஸ இங்க கும்பிட்டாச்சு. உனக்கும் போட்டா, என்னைய இங்கயே பொதைக்கறதுக்கு எடம் பாக்கோணும்."

சிரித்தார்கள். திருமலைசாமியும் சிரித்தான்.

ஊரில் தங்கை சாந்தாமணிக்கு ஆவணியில் கல்யாணம். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய வருடமே அவர் போய்விட்டார். சிங்காநல்லூரில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி இவன்தான் வீட்டைப் பிடித்து நிறுத்தினான். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையோடு கைகோர்த்து நிற்கிற சீர் ஒன்று இருக்கிறது. அதற்கு இவன் போயாக வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. அதோடு போனால் திரும்பி வர முடியாது. இப்போது புதுப்பிக்கக் கொடுத்தால்தான் ஆவணிக்குள் கைக்கு வரும்.

கையெழுத்துக் கேட்க மிச்சமிருந்தது காளிச்சாமி. வெள்ளகோவில்காரன், பக்கத்து மிஷின். அவனுக்கு அடுத்த வாரம் ஊர் லீவு. மனைவிக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏப்பா காளி, ஒரு சங்கதி."

"சொல்லுங்ணா."

திருமலைசாமி சொன்னான். காளிச்சாமி கையிலிருந்த எண்ணெயைக் கழிவுத்துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"அதுக்கென்னங்ணா, பாத்துக்கலாமுங்."

முடியாது என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருமலைசாமி வேறு யாரையாவது தேடியிருப்பானோ என்னவோ. அன்று ராத்திரி காளிச்சாமி பசியில்லை என்று சாப்பிட வரவில்லை. மறுநாள் வேறு அறையில் படுத்துக்கொண்டான். இவனும் மறுபடி கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் அவன் போட்டுவிடுவான். பாஸ்போர்ட் தூதரகத்தில் எத்தனை வாரம் கிடக்குமோ, அத்தனை வாரமும் அவன் பெண்டாட்டி தனியாகக் கிடப்பாள். அவன் இடத்தில் நான் இருந்தால் போடுவேனா? போடுவேன் என்று திருமலைசாமி சொல்லிப் பார்த்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான். குருவிளா கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"ஆள் எங்க?"

"வருவானுங்க சார்."

வெயில் ஏறியது. பட்டறைக்குள் காளிச்சாமியின் மிஷின் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஒருமுறை நின்றது. திருமலைசாமி நிமிர்ந்து பார்த்தான். அடுத்த இரும்பை மாட்டியிருப்பான் போலிருக்கிறது. மறுபடி ஓடத் தொடங்கியது.

உச்சிவேளைக்குள் தூதரகத்தில் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இனி டாக்சி பிடித்தாலும் பிரயோசனமில்லை என்றானபோது அவன் அறைக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து தன் லேத்தின் முன் நின்றான்.

"இன்னைக்கு லீவல்லோ உனக்கு?" என்றார் அந்தப் பக்கம் வந்த குருவிளா.

"வேண்டாமுங்க சார்."

காளிச்சாமி தலையைத் தூக்கவில்லை.

அவன் கிளம்பும் நாளில் திருமலைசாமி தங்கைக்கு வாங்கி வைத்திருந்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். காளிச்சாமி அதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தான். மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கல்யாணத்துக்கு நா போறனுங்ணா. கண்டிப்பாப் போறனுங்."

"போப்பா. எங்கம்மா சந்தோசப்படும்."

"கைகோர்க்கறதுக்கு?"

"பெரியப்பா பையன் நிப்பான்."

காளிச்சாமியின் கண் கலங்கிவிட்டது. "உங்கம்மா கேக்குமுங்ளே, எம்மவன் ஏன் வரலைன்னு. நா என்னங்ணா சொல்றது?"

திருமலைசாமி பெட்டியை அழுத்தி மூடினான்.

"லீவு கெடைக்கலீன்னு சொல்லிப்போடு."