இடைவேளைக்கு முன்னால் உடைத்த ஐஸ்

இன்னாசியம்மாளின் புருஷன் சவரியப்பன் யுத்த காலத்தில் அவனியாபுரத்துப் பக்கம் விமான மைதானத்தில் சோல்ஜர்களுக்கான கேன்டீனில் சமையற்காரனாக இருந்தவன். யுத்தம் முடிந்து கேன்டீனைக் கலைத்தபோது அங்கிருந்த சாமான்களை ஏலம் போட்டார்கள். எல்லோரும் மேஜை நாற்காலியையும் அலுமினியச் சட்டிகளையும் பார்த்து ஓடினார்கள். சவரியப்பன் மட்டும் யாரும் சீந்தாத ஒரு கரண்ட் மிக்ஸரைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பச்சை எனாமல் பூசிய தலை, அதிலிருந்து கீழே தொங்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சின்னத் தட்டு. தகர டம்ளரைக் கம்பிக்கு அடியில் மாட்டினால் தட்டு சுழன்று பாலை நுரைக்க அடிக்கும்.

டவுனில் ஒரு சினிமா கொட்டகையின் முன்பக்கம் நாலடி இடத்தை வாடகைக்குப் பிடித்து அவன் மில்க் ஷேக்கும் கோல்டு காப்பியும் போட்டான். ஆறின காப்பியைக் காசு கொடுத்து எவன் குடிப்பான் என்று முதலில் சிரித்தவர்கள், சித்திரை வெயில் ஏறியதும் வரிசையில் நின்றார்கள். இரண்டு கோடைதான் அவனுக்குக் கொடுத்து வைத்திருந்தது. விஷக் காய்ச்சல் கண்டு போய்விட்டான். காரியம் முடிந்த மறு வாரமே இன்னாசியம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கடையில் போய் நின்றாள். கூடமாட உதவிக்குச் சவரியப்பனின் தங்கை ஆனிமேரி இருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் சந்து வீட்டில் பால் காய்ச்சுவது அவள் பொறுப்பு.

தொழில் இன்னாசியம்மாளுக்குச் சீக்கிரம் கைவந்தது. மிக்ஸரின் தட்டு பாலைத்தான் அடிக்கும், பழத்தை நறுக்காது. அதனால் வாழைப்பழத்தை முன்னதாகவே மசித்துச் சல்லடையில் தேய்த்து வைப்பாள். சர்க்கரை குளிர்ந்த பாலில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் காப்பிக்கு வேண்டிய சர்க்கரையை டிகாஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுவாள். அந்த டிகாஷனையும் வீட்டுக் காப்பிக்குப் போடுவதைவிட இரண்டு பங்கு கெட்டியாக இறக்குவாள். ஐஸ் கரைந்தபின்னும் காப்பி காப்பியாக இருக்க வேண்டும் அல்லவா? மாம்பழக் காலத்தில் பழத்தையும் புளிக்காத தயிரையும் சேர்த்து அடித்துக் கொடுப்பாள். அதற்கு ஐஸ் ஒரு கைப்பிடி போதும். தயிரைக் காலையிலிருந்தே ஐஸ் தொட்டியில் இறக்கி வைத்திருப்பாள்.

ஒரு டம்ளர் மில்க் ஷேக்குக்கு முக்கால் பங்கு பால், கால் பங்கு தூளாக உடைத்த ஐஸ். இது சவரியப்பன் வைத்துவிட்டுப் போன கணக்கு. பால்தான் விலை கூடின சரக்கு. சர்க்கரை கன்ட்ரோலில் இருந்தது, அளந்துதான் கிடைக்கும். ஐஸ் மலிவு. ஆனாலும் ஐஸைக் கூட்டிப் பாலைக் குறைக்கும் புத்தி அவளுக்கு வந்ததே இல்லை.

அந்தப் பாலைக் கொடுத்தவள் கோச்சடை ராக்கம்மாள். வைகைக் கரையோரம் எருமை வைத்து விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பெண். இன்னாசியம்மாளைவிட நாலைந்து வயது மூத்தவள். விடியுமுன் தூக்குப் பாலோடு சந்து வீட்டு வாசலில் வந்து, “ஏத்தா, கதவத் தொற” என்று குரல் கொடுப்பாள். சவரியப்பன் செத்த மாதத்தில் பால் காசு கேட்காமலே ஊற்றினவள் அவள்.

ஐப்பசியில் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. தீபாவளிக் கூட்டம், அதற்கப்புறமும் குறையாத கூட்டம். இடைவேளை மணி அடித்ததும் கடை முன்னால் தள்ளுமுள்ளு. மணி அடித்தபின் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மரக் கொட்டாப்புளியால் உடைத்துக்கொண்டிருந்தால், பாதிப் பேர் குடிக்காமலே உள்ளே போய்விடுவார்கள். ஆகவே இன்னாசியம்மாள் படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஐஸை உடைத்து ஒரு தகரத் தொட்டியில் நிரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வைக்க ஆரம்பித்தாள். மணி அடித்ததும் சாக்கை விலக்கிக் குவளையால் அள்ளி அள்ளிப் போட்டாள். வேலை ஓடியது.

பத்து நாள் போயிருக்கும். டிக்கெட் கிழிக்கும் விருமாண்டி தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என்னக்கா, கழனித் தண்ணி மாதிரி இருக்கு?” என்றான். அவன் விளையாட்டுப் பேச்சுக்காரன். இவள் பொருட்படுத்தவில்லை. அப்புறம் மற்றவர்களும் சொன்னார்கள். கெட்டியாக இல்லை, போதாததற்கு முன்போல் சில்லென்றும் இல்லை. சில்லென்று இல்லையே என்று ஐஸை ஒரு குவளை கூட்டினாள். இன்னும் நீர்த்தது. நீர்த்ததே என்று பாலையும் சர்க்கரையையும் கூட்டினாள். டம்ளருக்கு விழுந்த லாபம் கரைந்து, வாடகைக்கே கைபிசையும்படி ஆயிற்று. கூட்டம் என்னவோ கடை முன்னால் நின்றது. கையில் ஒன்றும் நிற்கவில்லை.

பொருள் கெடுகிறது என்றால் அதில் போடுகிற எதுவோ கெட்டிருக்க வேண்டும். பழம் அதே பழம், காப்பி அதே காப்பி. மிச்சம் பால். அவள் மனசு அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியான ஆட்டத்தின்போது வாரக் காசு வாங்க ராக்கம்மாள் கடைக்கு வந்தாள். முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் டம்ளரை நீட்டி, “பாலே இல்லையே இதுல” என்றான்.

இன்னாசியம்மாளுக்கு அடக்க முடியவில்லை. “ஊத்துறவ வைகைத் தண்ணிய ஊத்துனா நான் என்ன செய்யட்டும்? கேளுங்க, இந்தா நிக்கிறாள்ல” என்றாள்.

ராக்கம்மாள் முதலில் புரியாமல் பார்த்தாள். “யாரச் சொல்ற?”

“ஒன்னத்தான்க்கா. எம்புட்டு நாளா கலக்குற?”

ராக்கம்மாள் சத்தம் போடவில்லை. சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். “நாளையிலருந்து வேற ஆளு பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, வாரக் காசை வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்னாசியம்மாள் பழங்காநத்தத்துப் பேயாண்டியிடம் பாலுக்குச் சொன்னாள். அவன் பால் வந்தது. மில்க் ஷேக் இன்னும் மோசமாயிற்று. பால்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று அவள் ஆனிமேரியிடம் அலுத்துக்கொண்டாள்.

ஆனிமேரி காய்ச்சின பாலின் ஆடையைத் தினம் எடுத்துச் சேர்த்து, வாரத்துக்கொரு தடவை வெண்ணெய் எடுப்பவள். அந்த வாரத்து வெண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அடியில் ஒரு எலுமிச்சங்காய் அளவுதான் கிடந்தது.

“மதினி, இவென் கலக்குறான். அது நெசம். ஆடையே கட்ட மாட்டேங்குது. ஆனா ராக்கம்மாக்கா பாலுல கடேசி நாள் வரைக்கும் ஆடை தோல் கணக்கா நின்னுச்சு. வெண்ணெயும் கொறையல.”

“இத ஏண்டி அன்னைக்கே சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீக? கடையில வச்சுச் சண்டை போட்டுட்டுத்தான வீட்டுக்கு வந்தீக.”

இன்னாசியம்மாளுக்குச் சுரீரென்றது. ராக்கம்மாள் பால் நல்ல பால் என்றால், அன்றைக்கு டம்ளரில் இருந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அந்த ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் ஐஸை உடைத்துத் தொட்டியில் போட்டாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், பழத்தைத் தேய்க்கிற சல்லடையை எடுத்துக் கழுவி, ஒரு சட்டியின் மேல் வைத்து, தொட்டியிலிருந்து ஒரு குவளை அள்ளி அதில் கொட்டினாள். சளசளவென்று தண்ணீர் இறங்கியது. சல்லடையில் தங்கிய ஐஸ் அரைக் குவளைகூட இல்லை.

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் ஐஸ் என்று அவள் அள்ளிப் போட்டதில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் பாலைக் குளிர வைக்காது, நீர்க்கத்தான் வைக்கும். குளிரவில்லை என்று அவள் மேலும் அள்ள, மேலும் தண்ணீர். பாலில் தண்ணீர் ஊற்றினவள் அவளேதான்.

கட்டியிலிருந்து அப்போதே கொஞ்சம் உடைத்து, பேயாண்டியின் பாலிலேயே ஒரு டம்ளர் அடித்து விருமாண்டியிடம் கொடுத்தாள். “இப்பத் தேவலக்கா” என்றான் அவன்.

மறுநாள் காலை ஆட்டம் கிடையாது. அவள் கோச்சடைக்கு நடந்தே போனாள். ராக்கம்மாள் தொழுவத்தில் எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இன்னாசியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆடை, வெண்ணெய், தொட்டி, சல்லடை. “தப்பு எம்மேலதான்க்கா. ஒம் பாலுல ஒண்ணுமில்ல.” முந்தானை முடிச்சை அவிழ்த்து வாரக் காசைத் திண்டில் வைத்தாள்.

ராக்கம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “இத எங்கிட்ட வந்து சொல்றியே, எனக்குத் தெரியாதா எம் பாலுல தண்ணி இல்லன்னு?”

இன்னாசியம்மாள் காசைத் திண்டில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள்.

“ஏழெட்டுப் பேரு முன்னால சொன்ன. அதுல ஒருத்தென் எங்க ஊரு சம்பந்தக்காரென். இங்க வந்து என் மாமியா காதுல போட்டுட்டான். எங்க சொன்னியோ அங்க வச்சுச் சொல்லு.”

“சொல்றேன். சனிக்கெழம வா.”

“வாரேன். ஆனா பாலு இல்ல. காப்பி கிளப்புக்கு ஊத்துறதாப் பேசிட்டேன்.”

சனிக்கிழமை ராக்கம்மாள் வந்தாள். மணி அடித்து, கூட்டம் முட்டிமோதிக்கொண்டு நின்றது. இன்னாசியம்மாள் மிக்ஸரை நிறுத்தினாள். கரண்ட் ஓசை நின்றதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கோச்சடை ராக்கம்மாக்கா பாலுல தண்ணி கலந்துச்சுன்னு இந்த எடத்துல வச்சுச் சொன்னேன். அது பொய். ஐஸ முன்னாலயே ஒடச்சு வச்சு நாந்தான் தண்ணியாக்கிக் குடுத்தேன்.” முகம் சிவந்து போயிற்று.

“அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு ரெண்டு காப்பி போடு” என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். மிக்ஸர் மறுபடி ஓடியது. சொன்னதைப் பாதிப் பேர் காதில் வாங்கினார்களோ என்னவோ. ராக்கம்மாள் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஒரு மில்க் ஷேக் அடித்து நீட்டினாள் இன்னாசியம்மாள். அத்தனை வருஷம் பால் ஊற்றியும் ராக்கம்மாள் அதைக் குடித்ததில்லை. ஒரு வாய் குடித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆத்தி, பல்லுக் கூசுது. இதையா காசு குடுத்துக் குடிக்கிறாக?”

முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

இன்னாசியம்மாள் வேலை முறையை மாற்றினாள். பால் தூக்கை ஐஸ் தொட்டிக்குள் இறக்கி முன்னதாகவே குளிர வைத்தாள். பால் குளிர்ந்திருந்தால் உள்ளே போடுகிற ஐஸ் கொஞ்சம் போதும், கரைவதும் கொஞ்சம்தான். இடைவேளை நெருங்கும்போது ஆனிமேரி கடைக்கு வந்து நின்றாள். மணி அடிப்பதற்குச் சற்று முன்புதான் அவள், ஐஸ் கட்டி கரையாமலிருக்க மேலே போட்டிருந்த மரத்தூளைக் கழுவிவிட்டு உடைத்தாள். உடைத்தது மூங்கில் கூடையில் கிடந்தது, தண்ணீர் கீழே சட்டிக்கு வடிந்தது. பாலும் சர்க்கரையும் பழைய அளவுக்கு வந்தன, வாடகை பிசகாமல் கட்ட முடிந்தது. கடைசி ஆட்டத்து இடைவேளை முடிந்ததும் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் மிக்ஸர் கம்பியை ஓடவிட்டு, தட்டுக்கு அடியில் ஒட்டின பாலைத் தேங்காய் நாரால் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஓடவிட்டுத் துடைப்பது எப்போதும்போல் இன்னாசியம்மாளின் வேலையாகவே இருந்தது. அதை ஆனிமேரியிடம்கூட விடமாட்டாள்.

தை பிறந்ததும் ராக்கம்மாளின் இன்னொரு எருமை கன்று போட்டது. சீம்பால் நாட்கள் கழிந்தபின் ஒரு விடியலில் சந்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

“பாதித் தூக்குத்தான் இருக்கு. வேணுமா?” என்றாள் ராக்கம்மாள்.

இன்னாசியம்மாள் பாத்திரத்தை நீட்டினாள். ராக்கம்மாள் ஊற்றினாள். ஊற்றி முடித்தபின் பழைய நாட்களைப்போல வாசலில் உட்கார்ந்து பேசாமல், தூக்கை எடுத்துக்கொண்டு காப்பி கிளப்புப் பக்கம் நடந்தாள். அன்றைக்கு அந்தப் பாலில் ஆடை கெட்டியாக விழுந்தது.