காரணம் எழுதிப் பழிவாங்குவது எப்படி

பழிவாங்கும் உணர்ச்சியை நான் பத்திரமாகப் பேணிவந்தவன். மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு எல்லாம் பின்னால் வந்தவை. இதுதான் மூத்தது.

சென்னையில் எனக்கு மேலே இருந்த ஒருவர், நான் எழுதிய கணினி நிரலைச் சரிபார்த்து, மொத்தக் குழுவும் படிக்கும் இடத்தில் ஒரு குறிப்பு போடுவார்: “குப்பை. மறுபடி எழுது.” எது குப்பை, ஏன் குப்பை என்று இருக்காது. மறுபடி எழுதினேன். மறுபடியும் குப்பை. குப்பையில் எத்தனை வகை உண்டு என்று அவர் சொன்னதே இல்லை. கடைசியில் கடலூருக்கே திரும்பி, துறைமுகத்தில் மீன் ஏலத்தைப் பதிவுசெய்யும் செயலி எழுதும் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன்.

போன வருடம் அந்த ஆளே எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தார். சென்னை போதுமென்று சொந்த ஊரான சிதம்பரத்துக்கு வந்துவிட்டாராம், தினமும் பஸ்ஸில் வருகிறாராம். பக்கத்து மேசை. அவர் எழுதிய முதல் நிரல் சரிபார்ப்புக்கு என்னிடமே வந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்கு லேசாகத் தடுமாறினேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ‘கட்டாயம்’ அல்லது ‘விருப்பம்’ என்று போட வேண்டும். கட்டாயத்தைச் சரிசெய்யாமல் நிரல் உள்ளே போகாது. விருப்பம் என்றால் எழுதியவர் செய்யலாம், விடலாம். நான் உட்கார்ந்து இருபதுக்கு மேல் குறிப்பு எழுதினேன். அத்தனையும் கட்டாயம். ஒரு காலி வரிக்குக்கூடக் கட்டாயம். அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை அவை யார் கண்ணிலும் படாது என்பதால், ஊறுகாய் ஜாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவி, கடலோரக் கிராமத்தில் படகு வைத்திருக்கும் வீட்டுப் பெண், என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா சார், இவ்ளோ கட்டாயமா? ஒண்ணுலகூட ஏன்னு இல்லியே.”

“அவருக்கே புரியும்மா. பெரிய ஆளு.”

“பெரிய ஆளுன்னா ஜாஸ்தியாவே எழுதுங்க. ஏன்னு எழுத முடியலன்னா அது கட்டாயம் இல்ல சார், உங்க கோவம்.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத உட்கார்ந்தேன். காலி வரிக்கு உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது: ‘ஏனெனில் உங்களை எனக்குப் பிடிக்காது’. அதை அழித்தேன். அடுத்ததற்கும் அதே காரணம். அழிக்க அழிக்க என் படை கரைந்து, கடைசியில் இரண்டு குறிப்புகள் மிஞ்சின.

முதலாவது உண்மையான பிழை. துறைமுகத்தில் சிக்னல் அடிக்கடி போகும். போனால் செல்பேசி அதே விற்பனையை மறுபடி அனுப்பும். அதைத் தடுக்க, படகு, மீன், எடை, விலை நான்கும் ஒன்றாயிருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடும்படி அவர் எழுதியிருந்தார். நான் எழுதினேன்:

“கட்டாயம்: ஒரே படகின் இரண்டு கூடை சங்கரா மீன் ஒரே எடைக்கு, ஒரே விலைக்கு அடுத்தடுத்துப் போவது இங்கே சாதாரணம். இந்த நிரல் இரண்டாவது கூடையையும் மறுபதிவென்று நினைத்துத் தள்ளிவிடும். ஒவ்வொரு விற்பனைக்கும் செல்பேசியிலேயே தனி அடையாள எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் மட்டும் தள்ளலாம். மறுபதிவைத் தடுக்க நினைத்தது சரியான யோசனை.”

கடைசி வரியை எழுதும்போது பல் வலித்தது.

“விருப்பம்: ‘எடை2’ என்ற பெயரை ‘கூடைஎடை’ என்று மாற்றினால் படிப்பவருக்கு எளிது.”

அனுப்பினேன். அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தால் எப்படி முழிப்பாரோ, அப்படி.

“சார், இதுல கோவம் ஒண்ணும் இல்லியே?” என்றார் என் பக்கம் திரும்பி.

“சங்கராவுக்கு இன்னா சார் கோவம்?”

அடையாள எண்ணைச் சேர்த்துவிட்டார். பெயர் மாற்றத்துக்குப் பதில் போட்டார்: “வேண்டாம். இதே பெயர் வேறு மூன்று கோப்புகளிலும் இருக்கிறது. இங்கே மட்டும் மாற்றினால் குழப்பம்.” சொன்னது சரி. அதைவிடக் கொடுமை வேறென்ன? விருப்பம் என்று நானே போட்டிருந்ததால், வாயை மூடிக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். பழி அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் என் நிரல் அவரிடம் போனது. பக்கத்து மேசையில் ஒரே ஒரு சொல் அளவுக்கு விசை தட்டும் சத்தம். எனக்கு அந்தச் சொல் தெரியும். பிறகு அழிக்கும் விசை, டக், டக், டக்.

“சார்,” என்றார் என்னைப் பார்க்காமலே. “கட்டாயம்னா காரணம் எழுதியே ஆவணுமா?”

“ஆமா சார். ரூல்ஸ்.”

மறுபடி தட்டினார், அழித்தார், பெருமூச்சு விட்டார். சிதம்பரம் பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நான் டீ வாங்கிவந்து, அவர் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்.