அரிசியைப் புதைக்கச் சொன்ன மதினி

பினாங்கில் சீனப் பள்ளியில் படித்த சீனப் பெண்ணை மணந்து, அண்ணன் விராலிமலைக்கு அழைத்து வந்திருந்தார். அறுபதுகளில் மொழியியல் மாணவனான நான் விடுமுறைக்கு வந்தபோது, மதினியை மாண்டரின் பேசச் சொல்லிக் குறிப்பெடுத்தேன். அடிக்குரல் ஒன்று, உச்சக்குரல் ஐந்து. 'மை' என்பதை 214 என்று, அதாவது இரண்டில் தொடங்கி ஒன்றுக்கு இறக்கி நான்குக்கு ஏற்றினால் வாங்கு, 51 என்று ஐந்திலிருந்து ஒன்றுக்குச் சரித்தால் விற்றுவிடு. நெட்டுக்கோடு ஒன்று போட்டு, அந்த ஏற்ற இறக்கத்தை அதன் இடப்பக்கம் வரைவேன்.

"அரிசி வாங்குன்னு சொல்லுங்க மதினி."

"மை மீ."

'மீ' என்றால் அரிசி. பாடப்படி இரண்டு சொல்லும் 214. மதினியின் 'மை'யோ 35 என்று ஏறியது. அப்படி ஏறினால் புதை என்று பொருள்.

"அரிசியைப் புதைக்கச் சொல்றீங்களே!" என்றேன். வீடே சிரித்தது.

"நாங்க இப்படித்தான் சொல்லுவோம் தம்பி."

நான் விடவில்லை. மதினி முகம் சிவக்க, 214, 214 என்று தனித்தனியாக உடைத்துச் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். அதைத்தான் எழுதிக்கொண்டேன்.

கல்லூரியில் ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். "214 ரெண்டு சேர்ந்து வந்தா முன்னது 35 ஆயிரும். இது அந்தம்மா பேச்சா, ஒன் பேச்சா?"

அடுத்த விடுமுறையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அடுப்படியில் நின்ற மதினி என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, நான் கேட்காமலே 'மை மீ' சொன்னார். 214. 214.

"இப்பச் சரியா தம்பி?"