ஏணியின் இரண்டாம் படி

கணவர் இறந்த மறு வருடம், பல்கலைக்கழக ஆய்வொன்றுக்குக் கேள்வி கேட்டு எழுதும் வேலையில் சேர்ந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பயிற்சியின்போது, ஆய்வை நடத்திய விரிவுரையாளர் பலகையில் ஒரு வளைவு வரைந்தார். இளமையில் மனநிறைவு மேலே இருக்கும், ஐம்பதை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும், பிறகு முதுமையில் மெல்ல ஏறும். பல பணக்கார நாடுகளில் இப்படிக் கண்டிருக்கிறார்கள், இங்கே எப்படியென்று தெரியாது என்றார். அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. அடிமட்டத்தில்தான் நிற்கிறேன், இனி ஏற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் எழுபத்தெட்டு வயது ஐயா ஒருவர் நான் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். முன்பு தெற்கில் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் நால்வரும் வெளிநாட்டில். மனைவி பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து அறைக்குள் கிடந்தார். பத்துப் படி ஏணிப் படத்தைக் காட்டினேன்.

"உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை ஐயா. இப்ப எந்தப் படியிலை நிக்கிறியள்?"

"ரெண்டு."

"நீங்கள் என்ரை வயசிலை, நாற்பத்தெட்டிலை, இருக்கேக்கை?"

யோசித்தார். "எட்டெண்டு போடும்."

"அது சண்டைக் காலமெல்லோ?"

"ஓம் பிள்ளை. இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலுக்கை இருந்தனாங்கள். ஆனா ஆறு பேரும் ஒண்டாய்ச் சாப்பிட்டம். இப்ப இவவைத் தூக்கி இருத்தவே எனக்கு ஏலாமல் கிடக்கு."

உள்ளிருந்து முனகல் கேட்டது. எழுந்து போய்விட்டார்.

மாலையில் விரிவுரையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஒரு ஆளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது," என்றார். "பழசு நினைவிலை இனிக்கும், அந்த எட்டை அப்ப ஆரும் அளக்கேல்லை. ஆனா ஓய்வூதியமும் பராமரிப்பும் இல்லாத இடத்திலை, உடம்பும் பிள்ளையளும்தான் ஆதாரம். அது ரெண்டும் போனா வளைவு ஏறாமலே இறங்கலாம்."

"அப்ப எனக்கு?" என்று வாய்வரை வந்தது. அடுத்த நாள் போகவேண்டிய வீடுகளின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி இறந்து சில கிழமைகளில் அவரும் நித்திரையில் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆள் இல்லாவிட்டால் அதே வயதில் அருகிலுள்ள ஒருவரைக் கேட்பது எங்கள் விதி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மகளுடன் இருந்தார், சுகதேகி. ஏணியைக் காட்டினேன்.

"ஏழு," என்றார்.

எழுதினேன். இறந்தவர் சொன்ன இரண்டாம் படி கணக்கிலிருந்து போய், அதன் இடத்தில் ஏழு வந்து, அந்த ஊரின் முதியவர்களுடைய சராசரி சற்று உயர்ந்திருக்கும். அதிபரின் மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பையைக் கையில் வைத்தபடி பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்க மனம் வரவில்லை.