தூக்கிச் செல்ல முடியாத பரிசுகள்

விஷ்ராந்த்வாடி சிக்னலைத் தாண்டி திகி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் பழைய பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, சவர சாமான். நான் அப்போதுதான் விட்டு வந்தவள் கடைசி இரண்டு மாதத்தில் வாங்கிக் கொடுத்த எதுவும் பையில் இல்லை. எதையும் பையில் வைக்க முடியாது.

முதலில் பஞ்சு மெத்தை வந்தது. "தரையில படுத்துப் படுத்து இடுப்பு போயிடும்" என்றாள். பத்து நாளில் இரும்புக் கட்டில். பிறகு கூலர், அப்புறம் பீரோ. நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு ஒரு ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அவள் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமைப்பவள், சேலத்துக்காரி. அவளோடு தங்கிய பிறகுதான் எனக்கு ஒரு முகவரி என்று ஏற்பட்டது.

சாமான் மட்டுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து "சாப்பிட்டியா?" என்பாள். ஹாஸ்டலில் எல்லோருக்கும் பொங்கல் என்றால் எனக்குத் தனியாக ஒரு டப்பாவில் முந்திரி தூக்கலாக வரும். ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள். அந்த விரல்களின் சூடு இன்றும் நினைவிருக்கிறது. அவ்வளவு கவனிப்பு அதற்கு முன்பு எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்குத்தான் அதை நிம்மதியாக வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. காரணம் உண்டு. சோலாப்பூரில் இருந்தபோது, கூட இருந்தவளை ஏமாற்றி வேறொருத்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். போய்வந்த மறுநாளெல்லாம் கூட இருந்தவளுக்கு வளையல், புடவை, அல்வா என்று வாங்கிக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டால் எனக்கு மூச்சு வரும். "எதுக்கு இது?" என்று கேட்டால் எரிந்து விழுவேன்.

இவளிடமும் அதே குறிகளைப் பார்த்தேன். விசேஷம் எதுவும் இல்லாமல் பரிசு. நன்றி சொன்னால் முகம் மலரவில்லை, சுருங்கியது. ஏன் என்று கேட்டால் கோபம். என் போன் அடித்தால் அவள் கை அப்படியே நின்றது. ஆகவே கணக்குத் தெரிந்தவன்போல முடிவு கட்டினேன்.

பீரோ வந்த அன்று கேட்டேன். "யாரு அவன்?"

"எவன்?"

"சும்மா யாரும் பீரோ வாங்கித் தர மாட்டாங்க."

"மூஞ்சியப் பாரு. உன் ஒருத்தனுக்குப் பொங்கிப் போடவே எனக்கு நேரம் பத்தல, இதுல இன்னொருத்தன் வேறயா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீ குளிக்கப் போயிருந்தப்ப உன் போன்ல கான்ட்ராக்டர் கூப்பிட்டாரு. கட்ச் பக்கம் சோலார் வேலையாம், ஆறு மாசம். 'வோ காவ் சலா கயா, அப் நஹீ ஆயேகா'ன்னுட்டேன், ஊருக்குப் போயிட்டான், இனிமே வர மாட்டான்னு. நம்பரையும் அழிச்சிட்டேன்."

நான் மூன்று மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த அழைப்பு அது.

"ஏன்?"

"போனா நீ திரும்ப வர மாட்ட. தெரியும்யா எனக்கு."

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கோபப்படுத்தியது. பையை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. "செருப்பு வார் அறுந்து கிடக்கு, பின்னு போட்டுட்டுப் போ" என்றாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பழையபடி அதட்டினாள். உண்மையைச் சொல்லிவிட்டவுடன் அந்தப் பதற்றமான கனிவு போய்விட்டது.

போசரி வரை நடந்தபோது கோபம்தான் கூட வந்தது. அதற்குப் பிறகு கட்டிலும் கூலரும் ஞாபகத்தில் வந்தன. குற்ற உணர்ச்சி என்று நான் கண்டுபிடித்தது சரிதான். எதற்கு என்பதில்தான் என் குற்றத்தை எடுத்து அவள்மேல் போட்டுவிட்டேன். நான் சோலாப்பூரில் கொடுத்தது கேள்வி வராமல் இருக்க. இவளோ அந்த அழைப்பை மறைத்த தப்புக்கு ஈடு கட்டினாள்; அதே சமயம் நான் கிளம்ப முடியாதபடி வீட்டைக் கனமாக்கினாள். இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அது அன்பா, கட்டிப்போடுதலா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

ஆகுர்டியில் தெரிந்தவர் அறையில் படுத்தேன். தரைதான். இடுப்பு வலித்தது.

காலையில் கூலியாட்கள் நிற்கும் நாக்காவுக்குப் போனேன். அங்கே அதே கான்ட்ராக்டர் நின்றிருந்தார். "அரே, தூ காவ் நஹீ கயா?" என்று, நான் ஊருக்குப் போகாததைக் கண்டு ஆச்சரியப்பட்டார். கட்சுக்குப் போகும் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும், சாயங்காலம் ரயில் என்றார். பக்கத்தில் இன்னொருவர், கார் தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று அவரிடம் கேட்டேன். ஐந்துக்கு என்றார். ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் விஷ்ராந்த்வாடிக்கு, அவள் வீட்டுக்குப் போய்விடலாம். பையை கேன்டீன் ஆணியில் மாட்டிவிட்டு, கழுவக் கிடந்த சாம்பார் அண்டாவை இரண்டு கையாலும் பிடித்தேன்.